ஆச்சியின் பலகாரக் கடிதத்துக்கு முகவரி சேர்த்த அனுபவம்

காரைக்குடி முத்துப்பட்டணத்தில் பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சிக்கு இணையதள வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு என்று மாதத்துக்கு ஒரு சுற்று போடுவார்கள். எந்தத் தேதியில் எது தயாராகும், வெளியூர்ப் பார்சல் எப்போது கிளம்பும் என்று மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. அதற்குப் பதிவுப் படிவம் ஒன்று தேவைப்பட்டது.

படிவத்துக்கு முன்னால் ஆர்டர் நோட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பல வருடமாக வாங்கியவர்களின் போன் நம்பரும் மின்னஞ்சலும் அதில் இருக்கின்றன. "இதை அப்படியே ஏத்திவிட்ருங்கண்ணே, எல்லாரும் நம்ம ஆளுகதானே" என்றார் ஆச்சியின் அண்ணன் மகன். நான் கூடாது என்றேன். அவர்கள் முகவரி கொடுத்தது பார்சல் வந்து சேர்வதற்காக. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை இப்படித்தான் பார்க்கிறது: எதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டதற்கு மட்டும்தான் அது செல்லும், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

ஆச்சிக்குச் சட்டத்தைவிட இன்னொரு கணக்குதான் சட்டென்று புரிந்தது. ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் அனுப்புபவர்களிடம் எதிர்பார்க்கிறது. முந்நூறு ஜிமெயில்காரர்களுக்குக் கடிதம் போய், அதில் ஒரே ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் 0.33 ஆகிவிடும். அப்படியே தொடர்ந்தால் அதே டொமைனிலிருந்து போகும் ஆர்டர் ரசீதுகளும் ஸ்பேமில் போய் விழ ஆரம்பிக்கும். "காசு கட்டுனவுகளுக்கே ரசீது போகாதா? அப்ப வேணாம்ப்பா" என்றார்கள் ஆச்சி. நோட்டில் இருப்பவர்களுக்கு அடுத்த பார்சலில் ஒரு சீட்டு வைத்தோம். மாதக் கடிதம் வேண்டும் என்றால் இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. வேண்டியவர்கள் தாங்களாக வந்தார்கள்.

படிவத்தில் மின்னஞ்சல் ஒன்றை மட்டும் கேட்டோம். பிறந்த நாளும் போன் நம்பரும் கேட்டால் பின்னால் உதவும் என்று ஒரு பேச்சு வந்தது. கடிதம் அனுப்ப அவை தேவையில்லை, தேவையில்லாததை வாங்கி வைத்தால் காப்பாற்றும் பொறுப்பும் நம் தலையில்தான் ஏறும்.

```html
<form action="/join" method="post">
  <label for="em">மின்னஞ்சல்</label>
  <input id="em" name="email" type="email"
         autocomplete="email" required>
  <div class="hp" aria-hidden="true">
    <input name="hp_x" tabindex="-1" autocomplete="off">
  </div>
  <button>மாதக் கடிதம் அனுப்புங்கள்</button>
</form>
```

பொத்தானுக்கு மேலே இரண்டு வரி: "மாதம் ஒரு கடிதம், பலகாரத் தேதிகளும் விலையும் மட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். முகவரியை வேறு யாருக்கும் தர மாட்டோம்." ஆர்டர் பக்கத்திலும் ஒரு டிக் பெட்டி வைத்தோம், ஆனால் டிக் போடாமல் காலியாக. வாங்குகிறவர் தன் கையால் டிக் செய்தால்தான் அது ஒப்புதல்.

படிவத்தில் முகவரி விழுந்ததும் பட்டியலில் சேர்த்துவிடுவதில்லை. முதலில் "இந்தக் கடிதத்தைக் கேட்டது நீங்கள்தானா?" என்று ஒரு மின்னஞ்சல் போகும். அதில் விளம்பரமோ விலைப்பட்டியலோ கிடையாது, ஓர் இணைப்பு மட்டும். அவர் உறுதி செய்த பிறகுதான் பட்டியலில் சேர்க்கிறோம். உறுதி செய்யாதவை ஒரு வாரத்தில் தானாக அழியும். உறுதி செய்தவர்களுக்குத் தேதி, நேரம், அன்றைக்குப் படிவத்தில் இருந்த வாசகம் மூன்றையும் சேர்த்து வைக்கிறோம். நாளைக்கு ஒருவர் "நான் கேட்கவே இல்லையே" என்றால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

இந்த ஏற்பாட்டின் அருமை சீக்கிரமே தெரிந்தது. முதலில் வைத்த படிவத்தில் அந்த `hp_x` பெட்டி கிடையாது. ஒரு ராத்திரியில் பதிவுகள் வந்து குவிந்தன. ஆச்சிக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம், ஏனென்றால் பலகாரப் பக்கம் எதையும் திறக்காமல் நேராகப் படிவத்துக்கே வந்திருந்தார்கள், எல்லாம் சில நிமிட இடைவெளியில், ஒருவர்கூட உறுதி செய்யவில்லை. இது பாட் என்ற தானியங்கி நிரலின் வேலை. யாரோ ஒருவரைத் தொல்லை செய்ய அவருடைய உண்மையான முகவரியை எடுத்து ஆயிரக்கணக்கான படிவங்களில் போட்டு, அவருடைய பெட்டியை நிரப்பிவிடுவார்கள். முகவரிக்கு உரியவர் நம்மிடம் எதுவும் கேட்டிருக்க மாட்டார். உறுதிப்படுத்தும் படி இல்லையென்றால் அவர்களுக்கெல்லாம் மாதாமாதம் கடிதம் போயிருக்கும்.

அதோடு விட்டுவிட முடியாது, அந்த ஒரு உறுதி மின்னஞ்சலும் அவர்களுக்குத் தொல்லைதான். அதனால் கண்ணுக்குத் தெரியாத பெட்டியைச் சேர்த்து, `hp` என்ற வகுப்பைச் சிஎஸ்எஸ்-இல் திரைக்கு வெளியே தள்ளினேன். மனிதர் கண்ணில் படாது, பாட் பெரும்பாலும் நிரப்பிவிடும். நிரம்பி வந்தால் மின்னஞ்சல் எதுவும் போகாது. பெட்டிக்கு `website`, `phone` மாதிரிப் பெயர் வைக்காமல் இருப்பது நல்லது. பிரவுசரே தானாக நிரப்பி நிஜ வாடிக்கையாளரைத் தள்ளிவிடும். ஒரே ஐபியிலிருந்து மணிக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பும் வைத்தோம். அப்புறம் அந்தக் கூட்டம் அடங்கியது.

அடுத்து இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல். சில அலுவலக முகவரிகள் மின்னஞ்சல் போன இரண்டு மூன்று விநாடியில் உறுதியாகிவிட்டன. அவ்வளவு வேகமாக யாரும் பிரித்துப் படிக்க முடியாது. சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள் உள்ளே வரும் ஒவ்வொரு இணைப்பையும் தானே திறந்து சோதிக்கும். அந்தச் சோதனையை நம் சர்வர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது. இணைப்பைத் திறந்தால் ஒரு பக்கம் மட்டும் வருகிற மாதிரி மாற்றினேன். அங்கே "ஆமாம், அனுப்புங்கள்" என்ற பொத்தானை அழுத்தி, அது `POST` ஆகப் போனால்தான் பதிவு. ஒரு அழுத்தல் கூடுதல்தான், ஆனால் அந்த ஒப்புதல் மனிதர் கொடுத்தது. விநாடிக் கணக்கில் உறுதியான பழைய பதிவுகளுக்கு மறுபடி கேட்டு அனுப்பினோம்.

விலகும் வழியும் அதே அக்கறையோடு இருக்க வேண்டும். கடிதத்தின் அடியில் ஓர் இணைப்பு உண்டு, அங்கேயும் பொத்தானை அழுத்தினால்தான் விலகல். கூடவே மின்னஞ்சலின் ஹெடரில் இந்த இரண்டு வரிகளும் போகும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/TOKEN>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

இவை இருந்தால் ஜிமெயில் பெரும்பாலும் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தானைக் காட்டும். அங்கே அழுத்தினால் ஜிமெயிலே அந்த இணைய முகவரிக்கு `POST` அனுப்பும், நம் சர்வர் அதை வாங்கிக்கொண்டு உடனே விலக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்பது, வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது எதுவும் ஆகாது. நம்மை மாதிரிச் சிறியவர்களுக்கு இது கட்டாயம் இல்லை, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்குத்தான். ஆனாலும் நான் வைத்தேன், விலகும் வழி கைக்குக் கிடைக்காதவர்தான் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார்.

"போறவுக ஏன் போறாகன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்கள் ஆச்சி. விலகிய பிறகு வரும் பக்கத்தில் கேட்கலாம் ஆச்சி, பதில் சொன்னால்தான் விலக முடியும் என்று வைக்கக் கூடாது என்றேன். சரி என்றார்கள். விலகியவரின் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீடு ஒன்றை மட்டும் தனியாக வைக்கிறோம். பின்னால் யாராவது பழைய கோப்பு ஒன்றை ஏற்றினாலும் அந்த முகவரி உள்ளே வராது. அவரே மறுபடி படிவத்துக்கு வந்து, மின்னஞ்சலைத் திறந்து, பொத்தானை அழுத்தினால் மட்டும் அந்தத் தடை நீங்கும்.