எட்டு பெரிசா, நாலு பெரிசா: ஒரு பேக்கரி கார்ட்டூனுக்கு வசனம் எழுதிய அனுபவம்

ஐந்து நிமிட கார்ட்டூன். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரிய வேண்டும், கதை பேக்கரியில் நடக்க வேண்டும். எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். மீனு என்ற சிறுமியும் பன்னு என்ற எலியும் ராத்திரி பேக்கரிக்குள் மாட்டிக்கொள்வதாகக் கதை பண்ணினேன்.

முதல் வரைவில் மீனு ஒரு குட்டி டீச்சராகிவிட்டாள். "கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி" என்று ஒரு முழுப் பத்தி பேசினாள். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். அடுத்த வரியில் "கேக்கில் ஒரு பகுதியைக் கொடு" என்று வந்ததும் ஒரு பையன் கேட்டான்: "பகுதின்னா கீழ இருக்கிற நம்பர்னு சொன்னீங்களே, அதை எப்படிக் கொடுக்கிறது?" நியாயமான கேள்வி. பாடப்புத்தகத்தில் ஒரு பொருளும் பேச்சில் வேறு பொருளும் உள்ள சொல் அது. இரண்டு கலைச்சொற்களையும் தூக்கிவிட்டு, எல்லா இடத்திலும் 'பங்கு' என்றே எழுதினேன்.

பிறகு பன்னுவைத் தப்பு செய்ய விட்டேன். பிள்ளைகள் பின்னத்தில் முதலில் சறுக்குவது, 8 என்பது 4-ஐவிடப் பெரிது, ஆகவே எட்டில் ஒன்றுதான் நாலில் ஒன்றைவிடப் பெரிது என்ற இடத்தில்.

மீனு: நாலில் ஒரு பங்கு வேணுமா, எட்டில் ஒரு பங்கு வேணுமா?
பன்னு: எட்டு! எட்டுதானே பெரிசு!
(மீனு கேக்கை எட்டாக வெட்டி ஒரு துண்டை நீட்டுகிறாள். எலி துண்டைப் பார்க்கிறது, மீனுவைப் பார்க்கிறது.)
பன்னு: இது என்ன, எறும்புக்கா?

வாசித்தபோது நான் கவனித்தது, எலி "எட்டு!" என்று கத்தும்போது யார் சிரிக்கிறார்கள் என்பதைத்தான். ஆறு பேரில் இருவர் சிரித்தார்கள். மற்ற நால்வருக்கும் எலி சொன்னது சரியாகவே பட்டிருக்கிறது. அதனால் துண்டை நீட்டியதும் வசனமே இல்லாமல் மூன்று விநாடி விடச் சொன்னேன். அந்த நால்வரும் 'ஐயோ' என்று தாங்களே உணர அவ்வளவு நேரமாவது வேண்டும்.

அடுத்த சிக்கல் படத்தில் வந்தது. மூவர் பங்கு போடும் ஒரு காட்சியில் ஸ்டோரிபோர்டுக்காரர் வட்டக் கேக்கை இரண்டு நேர்கோட்டால் சம அகலத்தில் வெட்டியிருந்தார். பார்க்க அழகு, கணக்கில் தப்பு. அப்படி வெட்டினால் நடுத்துண்டு மட்டும் மொத்தக் கேக்கில் ஐந்தில் இரண்டுக்கும் மேலே போய்விடும். 'சம பங்கு' என்று காது கேட்க, கண் வேறொன்றைப் பார்க்கும். வட்டத்தையே விட்டுவிட்டு, நீளத் தட்டில் சுடும் கேக்காக மாற்றினோம். அதில் எத்தனை பங்கு போட்டாலும் நேர்கோடு ஏமாற்றாது.

தமிழில் எழுதியதால் மட்டும் கிடைத்தது ஒன்று உண்டு. நாம் 'நாலில் மூன்று' என்று சொல்லும்போது கீழ் எண்தான் முதலில் வாயில் வருகிறது. திரையிலோ மேலிருந்து கீழாக, 3 முதலில், பிறகு 4 என்று தோன்றியது. கேட்கிற வரிசையும் பார்க்கிற வரிசையும் எதிரெதிர். அனிமேட்டரிடம் சொல்லி, முதலில் கோடும் அதன் கீழே 4-ம், அப்புறம் மேலே 3 என்று மாற்ற வைத்தேன். கேக்கை நாலாக வெட்டிவிட்டு அதில் மூன்றை எடுக்கும் வரிசையும் அதுவேதான்.

இன்னொன்று 'அரைக்கால்'. காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. இப்போது வீடுகளில் அதிகம் கேட்காத சொல் என்பதால் இதற்கும் ஒரு வேடிக்கை தேவைப்பட்டது. "அரைக் காலா? எனக்கு நாலு முழுக் கால் இருக்கே!" என்று பன்னு கேட்கிறது.

உச்சக்கட்டத்தை இந்தச் சொல்லின் மேல்தான் கட்டினேன். தராசில் முக்கால் தட்டுக் கேக் வைத்தால்தான் பேக்கரிக் கதவு திறக்கும். மேசையில் இருப்பது அரைத் தட்டும் ஒரு அரைக்கால் துண்டும். முதலில் மீனுவே கூட்டிச் சொல்லிவிடுவதாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். இப்போது அவள் அரைத் தட்டையும் அதே அளவுத் துண்டுகளாக வெட்டுகிறாள். நாலு துண்டு வருகிறது, ஏற்கெனவே உள்ளது ஒன்று, ஆக ஐந்து. முழுத் தட்டுக்கு எட்டு என்றால் முக்காலுக்கு ஆறு வேண்டும். கூட்டல் குறியே திரையில் வராது.

மீனு: இன்னும் ஒரே ஒரு அரைக்கால் வேணும்...
(பன்னு வாயை இறுக மூடிக்கொள்கிறது. கன்னம் உப்பியிருக்கிறது.)
மீனு: பன்னு. துப்பு.