எட்டாம் மாதத்தில் எங்கள் பாத்ரூமை மாற்றிய கதை

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில் கொமோட்டும் ஷவரும் ஒரே தரையில், அதனால் காலையில் ஒருவர் குளித்தால் மத்தியானம் வரைக்கும் ஈரம்தான். எட்டாம் மாதத்தில் எனக்கு என் கால்விரலே தெரியவில்லை, வயிறு முன்னுக்கு இழுக்கிறது, மூட்டுகளும் தளர்ந்துபோய். "முதல்ல பாத்ரூமைச் சரிபண்ணுங்கோ" என்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொன்னார்.

அடியில் உறிஞ்சிகள் வைத்த ரப்பர் மெட் ஒன்றை இவர் வாங்கி வந்தார். நனைத்து விரித்து, காலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் சறுக்கிக்கொண்டே போனது. எங்கள் டைல்ஸ் சின்னது, நடுவில் ஓடும் கோடுகள் வழியாகக் காற்று புகுந்தால் உறிஞ்சி பிடிக்காது. பெரிய வழவழப்பான டைல்ஸ் உள்ளவர்களுக்கு அது சரிவரும். நாங்கள் பழைய சோனகத் தெருவில் சொரசொரப்பான ஒட்டு டேப் எடுத்தோம். சவர்க்காரப் படிவு போகத் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு நன்றாகக் காயவிட்டு, கோட்டில் படாமல் ஒவ்வொரு டைல்ஸுக்குள்ளும் அடங்கும் துண்டுகளாக ஒட்டினோம். மூலைகளை வட்டமாக வெட்டினால் சீக்கிரம் உரியாது. அதன்மேலும் சவர்க்காரம் படியும், படிந்தால் திரும்ப வழுக்கும், ஆகவே அடிக்கடி பிரஷ் போட வேண்டும்.

கொமோட் 40 சென்டிமீட்டர் உயரம்தான், எழும்புவது பெரும்பாடு. அதன்மேல் பூட்டும் உயர்த்தி 5, 10 சென்டிமீட்டர் என்று கிடைத்தது. நான் குள்ளம், பெரியதில் இருந்தால் குதிக்கால் தரையில் படவில்லை, எனவே சின்னதையே எடுத்தேன். உட்கார்ந்தபடி பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் வேண்டாம். பிடித்து எழும்ப ஒரு கம்பியும் வேண்டும், துவாய் போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. மேசன் பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு கொங்கிரீட் தூண் பக்கமாகப் பூட்டினார். இவர் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் நான் தொட்டேன்.

குளிப்பது, காலில் ரப்பர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துதான். சவர்க்காரம், ஷாம்பு, ஹேன்ட் ஷவர் எல்லாம் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்துக்கு இறங்கிவிட்டன. குனியவோ எம்பவோ தேவையில்லை.

அம்மாவோடுதான் சண்டை. இடுப்பு வலிக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டுமாம்! சூடு கூடினால் இரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், எழும்பும்போது தலை சுற்றும். கொழும்புப் புழுக்கத்தில் அதற்கு என்ன அவசரமோ. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, முழங்கையில் பட்டால் சூடென்று தோன்றாத அளவில் நிறுத்துவேன். அது 37 பாகை அளவில் இருக்கும். முடிந்தபின் உடனே எழும்பாமல் சற்று இருந்துதான் கம்பியைப் பிடிப்பேன்.

கதவுக்கு உள்ளே கொண்டி போடுவதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார் மிஸ். இரத்தமோ தண்ணீரோ போனால், வயிறு இறுகினால், பிள்ளையின் அசைவு குறைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.