திருவாரூரிலிருந்து ஜிஎச் வரை: எந்த வாயிலில் மேலேறுவது?

எங்கள் டெல்டாப் பக்கத்திலிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஏராளம். இரவு ரயில் ஏறினால் விடியலில் எழும்பூர். அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் அடுத்த நிலையம்தான். ஆனால் பூமிக்கடியில் இருக்கும் அந்த நிலையத்துக்கு வாயில்கள் பல. முழங்கால் வலியுள்ள பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது என் கவலையெல்லாம் அதில்தான் இருந்தது.

புறப்படும் முன்பே திருவாரூர் வீட்டில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போகிற இடம் சாலையின் எந்தப் பக்கம் என்பது. ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் வடபுறத்தில் ரிப்பன் மாளிகையும் சென்ட்ரல் ரயில் நிலையமும் இருக்கின்றன; தென்புறத்தில் மருத்துவமனை. வடபுற வாயிலில் ஏறிவிட்டால் அந்த அகலமான, நெரிசலான சாலை குறுக்கே நிற்கும். பெரியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது: "நம்ம தியாகராஜர் கோயிலில் கிழக்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வருவதுபோலத்தானே?"

கீழே இறங்கியபின் கைப்பேசி வரைபடத்தை நம்பக் கூடாது. செயற்கைக்கோள் சமிக்ஞை அங்கே எட்டாது, நீலப் புள்ளி எங்கோ நிற்கும். படிகளிலும் திருப்பங்களிலும் ஏறி வருவதற்குள் நமக்கும் திசை மாறிப்போகும். அதனால் டிக்கெட் கதவுகள் இருக்கும் தளத்தில் கூட்டத்தோடு போய்விடாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். வாயில்களைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் இடப் பெயர்களை நிதானமாக வாசித்து, மருத்துவமனையின் பெயரைத் தேடினோம். கதவைத் தாண்டும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. சில நிலையங்களில் இரு முனைகளிலும் கதவுகள் உண்டு. தவறான முனையில் வெளியேறினால் சுற்றிக்கொண்டு வர நேரும்.

அதற்கு அடுத்தது லிஃப்ட். எல்லா வாயில்களிலும் தெருமட்டம் வரை லிஃப்ட் இருக்காது. சிலவற்றில் படிகள் மட்டுமே. பலகையில் லிஃப்ட் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கே நின்ற ஊழியரிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டேன். பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு மிக அருகிலுள்ள வாயிலைவிட, சற்றுத் தள்ளி இருந்தாலும் லிஃப்ட் உள்ள வாயில்தான் கிட்டம்.

வேறு பக்கம் மேலேறிவிட்டாலும் சாலையைக் கடக்கத் துணிய வேண்டாம். திரும்பக் கீழே இறங்கி, சென்ட்ரலில் சாலைக்கு அடியிலேயே மறுபுறம் போய்விடலாம்.

ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி அரசினர் தோட்டத்தில் இறங்க வேண்டும். அங்கே குறுக்கே இருப்பது அண்ணா சாலை. மருத்துவமனை அதன் கிழக்குப் பக்கம்.