டோட்டோவின் முதல் பரிசு எத்தனை முறை கைமாறாமல் போகும்? எஸ்டிபிஎம் இடுபணிக்கான ஒரு கணக்கு

பினாங்கில் எஸ்டிபிஎம் கணிதம் T படித்தபோது, பாய்சான் பரவல் எனக்குத் தெளிவாகப் புரிந்தது, டோட்டோ 6/55 விளையாட்டின் முதல் பரிசு வெல்லப்படாமல் அடுத்த குலுக்கலுக்குச் சேர்வதைக் கணக்கிட்ட பிறகுதான். மூன்றாம் செமஸ்டர் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

55 எண்களிலிருந்து 6 எண்களைத் தேர்ந்தெடுக்க 28,989,675 வழிகள் உள்ளன. இதை M என்போம். ஒரு குலுக்கலுக்கு N பந்தயங்கள் வைக்கப்பட்டால், ஒருவருக்கும் பரிசு விழாத நிகழ்தகவு (1 − 1/M)^N ஆகும். N மிகப் பெரியது, 1/M மிகச் சிறியது என்பதால் இதைப் பாய்சான் பரவலின்படி e^(−N/M) என எழுதலாம். இங்கே N என்பது சீட்டுகளின் எண்ணிக்கையன்று, எண் தொகுதிகளின் எண்ணிக்கை. ஏழு எண்களைக் கொண்ட ஒரு சிஸ்டம் சீட்டை ஏழு பந்தயங்களாகவே எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 5 மில்லியன் பந்தயங்கள் என்று வைத்துக்கொள்வோம். N/M = 0.1725, e^(−0.1725) = 0.842. அதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ 84 குலுக்கல்களில் பரிசு அடுத்ததற்குச் சேரும். விற்பனை இதே அளவில் நீடித்தால், சராசரியாக 1/0.158, அதாவது ஆறு குலுக்கல்களுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் பரிசு விழும். N/M என்ற விகிதத்தையே வெல்லும் நிகழ்தகவாக எழுதிவிடும் பழக்கம் மாணவர்களிடையே உண்டு. விகிதம் சிறிதாக இருக்கும்போது இந்தத் தவறு கண்ணில் படாது. N, M-க்குச் சமமானால்தான் வெளிப்படும். அப்போது பரிசு உறுதி என்று அந்த விகிதம் சொல்லும்; ஆனால் பலர் ஒரே தொகுதியைத் தேர்ந்திருப்பதால், யாரும் வெல்லாத நிகழ்தகவு அப்போதும் 0.368 இருக்கும்.

பரிசு வளர வளர விற்பனையும் ஏறும் என்பதால், N மாறிலி அன்று. ஆயினும் கணக்கு சிக்கலாவதில்லை. நிகழ்தகவுகளைப் பெருக்கும்போது e-யின் அடுக்குகள் கூடுவதால், தொடர் முழுவதற்கும் மொத்த விற்பனை ஒன்றே போதும். நான்கு குலுக்கல்களில் 3, 4, 6, 7 மில்லியன் பந்தயங்கள் விற்றாலும், ஒவ்வொன்றிலும் 5 மில்லியன் விற்றாலும், நான்கிலும் பரிசு விழாத நிகழ்தகவு e^(−20/28.99), அதாவது ஏறக்குறைய பாதிதான். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது. இடுபணியில் இதைத் தனிப் பத்தியாக விளக்குங்கள்.

இந்த மாதிரியின் எல்லையையும் எழுத வேண்டும். எல்லாத் தொகுதிகளும் சம வாய்ப்புடன் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பது அதன் எடுகோள். மக்களோ பிறந்த நாள்களையும், சீட்டில் அழகாக அமையும் வரிசைகளையும் விரும்புகிறார்கள். 1995 ஜனவரி 14-இல் பிரிட்டனின் 6/49 குலுக்கலில் 133 பேர் முதல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டனர். அன்று 70 மில்லியன் பந்தயங்கள் விற்றிருந்தாலும், பாய்சான் மாதிரியின்படி சராசரியாக ஐவரே வென்றிருக்க வேண்டும். சில தொகுதிகளில் கூட்டம் சேரும்போது பல தொகுதிகள் தொடப்படாமலே கிடக்கும். ஆகையால் உண்மையில் பரிசு சேர்வது e^(−N/M) காட்டுவதைவிட அடிக்கடி நிகழும், விற்பனை M-ஐ நெருங்கும்போது இந்த வேறுபாடு மேலும் பெரிதாகும்.