ரொக்க அடிப்படையில் ஓர் அறிக்கை: கடன் கொடுத்தவருக்கு எது தெரிய வேண்டும்?

சிராங்கூன் சாலைப் பகுதியில் மளிகைப் பொருள்களை மொத்த விலைக்கு விற்கும் கூட்டு வணிகம் ஒன்றுக்குத் தணிக்கை செய்ய வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் 120,000 வெள்ளி கடன் கொடுத்த நிறுவனம், ஆண்டுதோறும் தணிக்கை செய்த வரவு-செலவு அறிக்கை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வணிகத்தில் வந்த பணத்திலிருந்து போன பணத்தைக் கழித்தால், மிஞ்சுவது அவ்வாண்டுக் கடன் தவணைகளைப் போல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

தணிக்கையாளராக இத்தகைய வேலையை ஏற்பதற்கு முன் நான் பார்ப்பது, அந்தக் கணக்கு முறை அதன் நோக்கத்திற்குப் பொருந்துகிறதா என்பதைத்தான். சிறப்பு நோக்கக் கணக்குகளுக்கான சிங்கப்பூரின் எஸ்எஸ்ஏ 800 தணிக்கைத் தரமும் அதையே கேட்கிறது: அறிக்கை எதற்காக, யார் படிப்பார்கள், இந்த முறை ஏற்றது என்று நிர்வாகம் எப்படி முடிவு செய்தது. இங்கே நிபந்தனையே பணப்புழக்கத்தைப் பற்றியது என்பதால், பணம் கைமாறும்போது மட்டும் வரவு செலவைப் பதியும் ரொக்க அடிப்படை பொருத்தமாக இருந்தது. எது 'ரொக்கம்', காசோலையை எந்தத் தேதியில் வரவு வைப்பது, உரிமையாளர்கள் சொந்தச் செலவுக்கு எடுப்பதை எங்கே காட்டுவது என்பவற்றை மட்டும் குறிப்பில் தெளிவாக எழுதச் சொன்னேன். அடிப்படை விவரிக்கப்படாத ரொக்கக் கணக்கை எதனோடும் ஒப்பிட்டுச் சோதிக்க முடியாது.

அவர்கள் கொடுத்த வரைவில் மொத்த வரவு 982,000 வெள்ளி. அதில் கடனாக வந்த 120,000, ஒரு பங்குதாரர் போட்ட 30,000, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய 64,000 ஆகியவையும் விற்பனை வரவோடு கலந்திருந்தன. கணக்குகளுக்கு இடையே மாற்றிய தொகை வரவிலும் செலவிலும் ஒருசேர ஏறியிருந்ததால் ஆண்டிறுதி இருப்பு வங்கி அறிக்கையோடு சரியாகவே பொருந்தியது. இருப்பு ஒத்துப்போவதை மட்டும் பார்த்து நிம்மதியடைபவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். இரு கணக்குகளின் அறிக்கைகளையும் அருகருகே வைத்து, ஒரே தொகை ஒன்றில் போவதும் அடுத்ததில் வருவதுமாக இருக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். இவற்றைப் பிரித்த பிறகு வணிக வரவு 768,000, வணிகச் செலவு 724,000, மிச்சம் 44,000. தவணைகள் 32,000 என்பதால் தேவையான தொகை 40,000, நிபந்தனை நிறைவேறியது.

ஆனால் ஜனவரி மாத வங்கி அறிக்கையையும் நான் கேட்டு வாங்கினேன். டிசம்பர் ஊதியத்திற்கான மத்திய சேம நிதிப் பங்கு ஜனவரியில் செலுத்தப்படுவது இயல்பு. முந்தைய டிசம்பர் பங்கும் அப்படியே இந்த ஆண்டின் கணக்கில் வந்திருந்தது. உறுத்தியது வேறொன்று. வழக்கமாக மாதக் கடைசியில் பணம் பெறும் அரிசி விநியோகிப்பாளருக்கு, டிசம்பர் 31க்குள் கொடுத்திருக்க வேண்டிய 18,000 வெள்ளி ஜனவரி 3 அன்றுதான் போயிருந்தது. அதை டிசம்பரிலேயே கொடுத்திருந்தால் மிச்சம் 26,000, தவணைக்கே போதாது.

ரொக்க அடிப்படைப்படி அறிக்கையில் பிழை இல்லை. ஜனவரியில் போன பணம் ஜனவரிச் செலவுதான். அதை டிசம்பருக்குக் கொண்டுவந்தால் அறிவித்த முறையையே மீறியதாகும். இந்த முறைக்கு நான் தரும் கருத்துரையும், உண்மையும் நியாயமுமான தோற்றம் தருகிறது என்று சொல்வதில்லை. குறிப்பில் விவரித்த ரொக்க அடிப்படைப்படி, எல்லா முக்கிய அம்சங்களிலும் தயாரிக்கப்பட்டுள்ளது என்று மட்டுமே சொல்கிறது. இருந்தாலும், படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் அறிக்கைக்குக் கீழே பெயர் போட என்னால் முடியாது. அந்தத் தாமதத்தைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று மூத்த பங்குதாரரிடம் சொன்னபோது, "கணக்கு சரின்னு நீங்களே சொல்றீங்களேம்மா, அப்புறம் ஏன் அதையும் எழுதணும்?" என்று கேட்டார். "அவங்க இந்த எண்ணை வச்சுத்தான் உங்க கடனைப் பத்தி முடிவெடுக்கப் போறாங்க, அண்ணே. அரிசிக்காரருக்குப் பாக்கி இருந்ததும் அவங்களுக்குத் தெரியணும்," என்றேன்.

சற்று நேரம் பேசிய பின் அவர் ஒப்புக்கொண்டார். ஆண்டிறுதியில் கெடு கடந்திருந்த 18,000 வெள்ளி ஜனவரி 3 அன்று செலுத்தப்பட்டது என்ற வரி, எண்களில் கை வைக்காமல், குறிப்பில் சேர்ந்தது.

எனது அறிக்கையில், இந்தக் கணக்கு கடன் ஒப்பந்தத்திற்காகத் தயாரிக்கப்பட்டது, வேறு நோக்கத்திற்குப் பொருந்தாமல் போகலாம் என்று கவனத்தை ஈர்க்கும் பத்தி இருந்தது; அது தரப்படி கட்டாயம். பங்குதாரர்களும் கடன் கொடுத்தவரும் தவிர வேறு எவரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு தணிக்கையாளரின் விருப்பத்திற்கு உட்பட்டது. இங்கே அதையும் சேர்த்தேன். இதே அறிக்கையைக் கடை வாடகை ஒப்பந்தத்திற்குக் கொடுக்கலாமா என்று அவர்கள் பிறகு கேட்டபோது, இவர்களிடம் சரக்கு வாங்கிய கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கிகளும் கையிருப்புச் சரக்கும் இதில் இல்லை என்பதால் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல அந்தப் பத்தியே போதுமானதாக இருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் குறிப்பைப் படித்துவிட்டுக் கடனைத் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் அறிக்கையோடு, டிசம்பர் 31 அன்று செலுத்தாமல் இருக்கும் விநியோகிப்பாளர் பட்டியலையும் இணைக்கச் சொன்னது.