டீச்சர் சுவிட்சில் வைத்த கை

"லைட்ட போடட்டுமா தம்பி, இருட்டா இருக்கே?" என்று கேட்டபடியே டீச்சர் சுவிட்சில் கை வைத்தார். "வேண்டாங்க டீச்சர், அப்படியே இருக்கட்டும்" என்றேன். நடந்தது இவ்வளவுதான். ஐப்பசி மழை மூட்டம், மாலை நாலே முக்கால் மணி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பழைய வீட்டு ஹால். மேஸ்திரி அண்ணன் மறுநாள் சுவரைச் சுரண்ட ஆரம்பிப்பதாக இருந்தார். அதற்குள் வேலைக்கு முந்தைய சுவரை நான் 'பிஃபோர்' படமாக எடுத்து முடிக்க வேண்டும்.

நான் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம் இருந்தது, பொய்க் காரணமும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் இன்னொரு நிறம். இரண்டும் ஒரே சுவரில் விழுந்தால் ஜன்னல் பக்கம் ஒரு சாயல், லைட் பக்கம் ஒரு சாயல் என்று படம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் தப்பாகத்தான் வரும். பெயின்ட் வேலைக்கான படத்தில் சுவரின் நிறம்தானே முக்கியம்? அதனால் ஒரே வெளிச்சம் போதும் என்று முடிவு செய்தேன். யார் கேட்டாலும் இதைச் சொல்ல முடியும்.

மூன்று வாரம் கழித்து 'ஆஃப்டர்' எடுக்கப் போனபோது காலை பதினொரு மணி, நல்ல வெயில். எலக்ட்ரீஷியன் புதிதாக மாட்டிய நான்கு எல்இடியும் எரிந்துகொண்டிருந்தன. நான் அணைக்கச் சொல்லவில்லை. அந்த ஒரே வெளிச்சக் காரணம் அன்றைக்கு என் ஞாபகத்துக்கே வரவில்லை.

இத்தனைக்கும் கோணத்தில் எனக்குப் பிசகவே இல்லை. பிஃபோர் எடுத்தபோதே ட்ரைபாட் நின்ற இடத்தை அளந்து எழுதி வைத்திருந்தேன். ஜன்னல் சுவரிலிருந்து பதினோரு அடி நாலு அங்குலம், வாசல் நிலையிலிருந்து மூன்று அடி இரண்டு அங்குலம், லென்ஸின் நடு தரையிலிருந்து நான்கு அடி. தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பவர்கள் உண்டு. பெயின்ட் வேலையில் அது நிற்காது, பட்டி தேய்த்த தூசியைக் கழுவும்போது டேப்பும் போய்விடும். சுவரிலிருந்து எடுத்த அளவு எங்கும் போகாது. லென்ஸ் இரண்டு நாளும் 24 எம்எம்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிட்டே இருக்கும் ஒரு பொருளின் ஓரம், தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஹாலில் சமையலறை நிலையின் வலது ஓரம், உள்ளே தெரியும் ஜன்னல் கம்பிகளில் மூன்றாவதைத் தொட்டுக்கொண்டு நின்றது. கேமரா நாலு விரல் நகர்ந்தால்கூட கம்பி நிலைக்குப் பின்னால் போய்விடும், அல்லது விலகி நிற்கும். ஜூம் பண்ணியோ, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியோ அதைச் சரி செய்ய முடியாது. நின்ற இடம் மாறினால் மாறியதுதான். என் இரண்டு படத்திலும் நிலை மூன்றாவது கம்பியைத் தொட்டது. ஒன்றை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தால் சுவிட்ச் போர்டு, ஃபேன் கொக்கி, ஜன்னல் எல்லாம் அசையாமல் நிற்கும், நிறம் மட்டும் மாறும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மேஸ்திரி அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஸ்டேட்டஸில் வைத்தார், கார்டில் அச்சடித்தார்.

பிறகு ஒரு நாள் டீச்சர் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தார். ஓசூரில் இருக்கும் மகள் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு அனுப்பினாளாம். ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சரி செய்துகொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி, இத்தன வருஷம் நாங்க லைட்டே போடாமதான் அந்த வீட்ல இருந்தோமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். "அது வந்து டீச்சர், ரெண்டு கலர் லைட் கலந்தா..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கே போட வந்தேன், நீதான வேண்டாம்ன" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு காப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான்தான் இன்னும் அந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்: எல்இடியும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட்டில் பெயின்ட், பட்டி, எலக்ட்ரிக் மூன்றும் இருந்தன. வேலை முடிந்த வீட்டைக் காட்டும்போது, அந்த வேலையில் போட்ட விளக்கை ஏன் அணைக்க வேண்டும்? சரிதான். ஆனால் அப்படிப் பார்த்தால் பழைய டியூப்லைட்டும் பழைய வீட்டில் சேர்ந்ததுதானே. அதை எரிய விடாமல் தடுத்தது நான்தானே. எஸ்டிமேட் கணக்கு அங்கே உதவவில்லை.

இன்னொன்று அப்புறம்தான் உறைத்தது. கோணம் கொஞ்சம் தப்பியிருந்தால் பார்க்கிறவர்கள் 'ஏதோ இரண்டு படம்' என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். கம்பி கம்பியாகப் பொருந்தியதால்தான் மாறியது சுவர் மட்டும் என்று நம்பினார்கள். நான் கர்வப்பட்ட அந்த மூன்றாவது கம்பிதான் வெளிச்சத்துக்கும் சாட்சி சொல்லியிருக்கிறது.

சரி, திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிஃபோரைத் திரும்ப எடுக்க முடியாது, அந்தச் சுவர் போய்விட்டது. ஆஃப்டரைத்தான் அந்த மூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள் காலையிலிருந்தே தூறல். மத்தியானம் டீச்சருக்கு போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போனேன். ட்ரைபாட் அதே இடம், எல்லா லைட்டும் அணைத்தாயிற்று. எஃப் 8, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் அரை நொடி, ஒயிட் பேலன்ஸ் எண் எல்லாமே அன்றைக்கு வைத்தவை.

ஆட்டோவில் விட்டிருந்தால் இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். வெள்ளைச் சுவர் படம் முழுக்க நிறைந்தால், கேமரா அதை அதிக வெளிச்சம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும், புது வெள்ளை சாம்பலாக வரும். பழைய நீலச் சுவரை அதே கேமரா வெளிச்சமாகத் தூக்கிக் காட்டும். ஆட்டோ எப்போதும் வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்கும், பெயின்டருக்கு எதிராகத்தான் வேலை செய்யும். அதனால் எண்களை மாறாமல் பூட்டி வைப்பது மேஸ்திரிக்கும் நியாயம்.

ஆனால் மேகத்தைப் பூட்ட முடியாதே. அன்றைய மூட்டமும் இன்றைய மூட்டமும் ஒன்றா என்று எப்படித் தெரியும்? பிஃபோர் அன்று ஜன்னலுக்காக ஷட்டரை அறுபதில் ஒரு நொடி வைத்து ஒரு ஃபிரேம் இருட்டாக எடுத்திருந்தேன். அதில் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரியும். அந்தச் சுவரை யாரும் பெயின்ட் பண்ணவில்லை. நாலே காலிலிருந்து ஐந்து மணி வரை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஹாலுக்கு ஒன்று ஜன்னலுக்கு ஒன்று என்று எடுத்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் எந்த ஃபிரேமில் அன்றைக்கு இருந்த அதே அளவு வெளிச்சத்தில் இருந்ததோ அதை வைத்துக்கொண்டேன். வெளியே வெளிச்சம் ஒன்றாக இருந்து உள்ளே ஹால் அதிகமாகத் தெரிந்தால், அந்த அதிகம் வெள்ளைச் சுவர் திருப்பிக் கொடுத்தது.

அப்படித் திருப்பிக் கொடுத்தும் இருந்தது. முன்பு இருண்டு கிடந்த சமையலறைப் பக்க மூலையில் காலண்டர் எழுத்து படிக்க முடிந்தது. ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரம் ஏறியிருந்த ஓதக் கறையும், மேலே பூத்திருந்த உப்பும் இல்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சம் சுவரைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போனதால் சுவிட்ச் போர்டுக்கு மேலே பட்டியில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. உப்புத்தாள் போடும்போது ஆட்கள் பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். அந்த இடத்தில் அன்று யாரும் பிடிக்கவில்லை போல.

மேஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு?"

"ஒரே மாதிரி இருக்கணும்னுதாண்ணா எடுத்தேன்."

"அதுக்கு நான் எதுக்குப்பா இருபது நாள் ஆளு வெச்சேன்?"

கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். மேட்டை அவர் கவனிக்கவில்லை, நானும் காட்டவில்லை. அது இன்னொரு கதை. கார்டில் பழைய ஜோடிதான் இன்றும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ? காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் அவர். வேலையும் நல்ல வேலை, ஓதம் நிஜமாகவே போயிருக்கிறது. டீச்சரும் குறை சொல்லவில்லை. இதையெல்லாம் வரிசையாக வைத்தால் எனக்கே சரியென்றுதான் படுகிறது, அந்த ஸ்டூலில் அவர் சிரித்தது ஞாபகம் வரும் வரை.

இப்போதெல்லாம் லைட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று பிஃபோரில் இரண்டு எடுக்கிறேன், ஆஃப்டரிலும் அதே இரண்டு. நிறம் கலந்தால் கலக்கட்டும். இரண்டு நாளும் ஒரே மாதிரி கலந்தால் போதும். போன மாதம் காவேரிப்பட்டினத்தில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா சுவிட்சுக்குப் போனபோது, "போடுங்கம்மா, போட்டு ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றேன். நான்கு படத்தையும் மேஸ்திரி அண்ணனுக்கு அனுப்பினேன், எதற்கு எது ஜோடி என்றும் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலை ஸ்டேட்டஸைப் பார்த்தேன். பிஃபோரில் லைட் போடாதது, ஆஃப்டரில் லைட் போட்டது. கோணம் அச்சாகப் பொருந்தியிருந்தது.