வலி எங்கே ஆரம்பித்தது, இப்போது எங்கே இருக்கிறது?

தருமபுரியில் இறுதியாண்டு அறுவை சிகிச்சை செய்முறைத் தேர்வு. எனக்குக் கிடைத்தவர் பென்னாகரம் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளி, வயது 34. "வலது விலாவுல புடிச்சு இழுத்துச்சு சார், அப்புறம் விரைக்கு எறங்கிடுச்சு. ஒண்ணுக்கு டீ டிக்காஷன் மாதிரி போச்சு" என்றார். நாள் முழுக்க வெயில், குடிப்பதோ ஒரு பாட்டில் தண்ணீர். கல்லடைப்பு என்று அவரே சொல்லாத குறைதான். நான் மாட்டிக்கொண்டது அதற்கப்புறம்.

"ஏன் வலிக்கிறது?" என்றார் தேர்வாளர். கல் உரசுவதால் என்றேன். "சிறுநீரகத்துக்குள் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும் கல் ஏன் வலிப்பதில்லை?" பதில் வரவில்லை.

உரசல் சிறுநீரில் ரத்தம் வருவதற்குத்தான் காரணம். வலிக்குக் காரணம் அடைப்பு. கல் சிறுநீர்க்குழாயில் சிக்கியதும் அதற்கு மேலே சிறுநீர் தேங்கி, குழாயும் சிறுநீரகத்தின் உறையும் உப்பி இழுபடுகின்றன. கல்லைத் தள்ளக் குழாய் இறுகும்போதெல்லாம் வலி அலையாக ஏறும். போதாக்குறைக்கு, அடைபட்ட சிறுநீரகம் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து தன் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் சிறுநீர் இன்னும் ஊறி அழுத்தம் ஏறுகிறது. டைக்ளோஃபெனாக் ஊசி நன்றாகக் கேட்பது இதை அது தடுப்பதால்தான். சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்தவருக்கு அதைப் போடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

விரைக்கு ஏன் இறங்குகிறது? சிறுநீர்க்குழாய்க்கும் இடுப்புமடிப்பு, விரைக்கும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் சேர்கின்றன. எங்கிருந்து வந்த சேதி என்று மூளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் வலி இடம் மாறுவதை வைத்தே கல் எங்கே நிற்கிறது என்று ஊகிக்கலாம். மேல்முனையில் இருந்தால் விலா வலிக்கும். நடுவில், இடுப்பு ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடத்தில் என்றால் அடிவயிறு வலிக்கும்; அது வலப்பக்கமானால் குடல்வால் அழற்சி என்று ஏமாறுவோம். குடல்வால் அழற்சிக்காரர் அசையாமல் படுத்திருப்பார், கல்காரரோ ஒரு நிலையில் நிற்கமாட்டார், புரள்வார். என் நோயாளிக்கு வலி விரைக்கு இறங்கியதோடு, அடிக்கடி முட்டி முட்டிச் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. அப்படியென்றால் கல் சிறுநீர்ப்பை வாசலில். ஸ்கேனிலும் 6 மி.மீ. கல் அங்கேதான் இருந்தது.

ரத்தம் இல்லையென்றால் கல் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பத்தில் ஒருவருக்காவது சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தம் தெரியாது.

கடைசியில், "காய்ச்சல், குளிர் நடுக்கம் கேட்டாயா?" என்றார் தேர்வாளர். கேட்கவில்லை. 6 மி.மீ. கல் தானாக விழக்கூடும் என்று காத்திருக்கலாம். அடைப்புக்கு மேலே கிருமித்தொற்று இருந்தால் காத்திருக்க முடியாது; அன்றே ஸ்டென்ட் வைத்தோ முதுகுப்பக்கம் குழாய் போட்டோ சிறுநீரை வடிக்க வேண்டும். எனக்கு மதிப்பெண் போனது அந்தக் கேள்வியிலும்தான்.